அப்பா நிற்கும் படத்துக்கு என்ன எழுதுவது?

கேள்வி: எங்களுடையது காதல் திருமணம். என் அப்பா இரண்டு ஆண்டுகள் என்னிடம் பேசவே இல்லை. என் கணவர் வீட்டிலும் முதலில் சம்மதம் கிடைக்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல எல்லாம் சரியாகி, போன மாதம் இரு வீட்டாரும் இருக்கத்தான் திருமணம் நடந்தது. அப்பா என் கணவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரிக்கிற ஒரு படம் இருக்கிறது. அதை இன்ஸ்டாகிராமில் போட இப்படி எழுதினேன்: “ஐந்து வருடப் போராட்டம். எத்தனை எதிர்ப்பு, எத்தனை கண்ணீர்! யார் தடுத்தாலும் எங்கள் காதல் நிற்கவில்லை. கடைசியில் காதலே வென்றது. அப்பாகூட வந்து வாழ்த்தினார்.” கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பித் தந்துவிட்டு எழுந்து போய்விட்டார். தப்பாக எதுவும் எழுதவில்லையே? இதை எப்படி மாற்றுவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தப்பாக எதுவும் எழுதவில்லை என்பது உண்மைதான். நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் நடந்தது. ஆனால் அம்மா எழுந்து போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது அந்த வாசகத்துக்குள்ளேயே இருக்கிறது.

திருமண அழைப்பிதழ்களுக்கும் ஆல்பங்களுக்கும் வாசகம் எழுதுவது பல ஆண்டுகளாக என் வேலை. தொழிலுக்கு வந்த புதிதில், உங்களைப் போலவே வீட்டு எதிர்ப்புக்குப் பிறகு திருமணம் செய்துகொண்ட ஒரு தம்பதியின் ஆல்பத்துக்கு முதல் பக்கத்தில் “எதிர்ப்பைக் கடந்த காதல்” என்று எழுதிக் கொடுத்தேன். மணமக்களுக்குப் பிடித்திருந்தது. நானும் நல்ல வரி என்றுதான் நினைத்தேன். ஓராண்டு கழித்து அந்தப் பெண் என்னைச் சந்தித்தபோது, ஆல்பத்தை அவள் அம்மா ஒருமுறைகூடப் பிரிக்கவில்லை என்றாள். “உள்ளே அவங்க அழகா சிரிக்கிற படம் பத்து இருக்கு. முதல் பக்கத்தைத் தாண்டி வர மாட்டேங்கறாங்க.” என் வரியில் ‘எதிர்ப்பு’ என்று இருந்தது யார் என்பதை அந்த அம்மா ஒரு நொடியில் கண்டுகொண்டார். எனக்குத்தான் அது தெரியவில்லை. அதன் பிறகு, இப்படிப்பட்ட திருமணங்களுக்கு எழுதும்போது படத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் பேரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வாசகத்தில் அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

உங்கள் வாசகத்தை அப்படிப் பார்ப்போம். ‘வென்றது’ என்று ஒரு வினை வந்துவிட்டால், தோற்றவர் ஒருவர் தானாக வந்து நின்றுவிடுவார். நீங்கள் அவரைச் சொல்லவில்லை. ஆனால் படத்தில் அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ‘யார் தடுத்தாலும்’ என்பதில் உள்ள அந்த ‘யார்’ யாரோ அல்ல, அம்மாவும் அப்பாவும்தான். ‘கடைசியில்’ என்ற சொல், அதற்கு முன்னால் நடந்த எல்லாவற்றையும் பிடிவாதம் தளர்ந்த கதையாக மாற்றிவிடுகிறது. ‘ஒருவழியாக’, ‘இறுதியாக’ என்பவையும் அதே வேலையைச் செய்யும்.

இவை எல்லாவற்றையும்விட அம்மாவைக் குத்தியது ‘அப்பாகூட’ என்ற சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘அப்பாவும் வந்தார்’ என்றால் வந்தவர்களில் அவரும் ஒருவர். ‘அப்பாகூட வந்தார்’ என்றால் வர மாட்டார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் வந்துவிட்டார். நீங்கள் நன்றியோடுதான் எழுதினீர்கள், தெரிகிறது. ஆனால் மகளின் கல்யாணத்துக்கு அப்பா வந்தது ஓர் ஆச்சரியச் செய்தியாகிவிட்டது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் இயந்திரத்தனமானது. இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷன் 2,200 எழுத்துக்குறிகள் வரை போகலாம். ஆனால் படத்தைப் பார்த்துக்கொண்டே நகர்பவர்களுக்குக் கீழே தெரிவது சுமார் 125 குறிகள்தான். மீதி, அழுத்தினால்தான் விரியும். போனுக்குப் போன் இது சற்று மாறும். இந்தக் கணக்கில் நம் எழுத்துகள் பார்வைக்குத் தெரிவதைவிட அதிக இடம் பிடிக்கும். ‘போ’ நமக்கு ஓரெழுத்து. கணினிக்குப் பகரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று என இரண்டு. புள்ளி வைத்த எழுத்தும் அப்படித்தான். உங்கள் வாசகத்தை அப்படி எண்ணிப் பார்த்தேன். ‘ஐந்து வருடப் போராட்டம்’ என்று தொடங்கி ‘காதலே வென்றது’ என்ற இடத்து முற்றுப்புள்ளி வரை சரியாக 125. அப்பா வந்து வாழ்த்தியது அதற்குப் பிறகுதான் வருகிறது. அதாவது போராட்டம், எதிர்ப்பு, கண்ணீர், தடுத்தது, வென்றது எல்லாம் கண்ணுக்கு முன்னால். அப்பா மட்டும் மடிப்புக்குள்ளே. உங்கள் அத்தை வழி, சித்தப்பா வழி உறவுகளில் பாதிப்பேர் அழுத்திப் பார்க்கப் போவதில்லை. ஆகவே சமாதானத்தைக் கடைசி வரியில் வைத்தால் போதாது. முதல் வாக்கியத்திலேயே அது இருக்க வேண்டும்.

அப்படியானால் எதிர்ப்பைப் பற்றிப் பேசவே கூடாதா? இங்கேதான் பலர் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ‘பெற்றோரின் பரிபூரண ஆசியோடு தொடங்கிய எங்கள் காதல்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதைப் படிக்கும் நெருங்கியவர்களுக்கு அது பொய் என்று தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இரண்டு ஆண்டு வேதனைப்பட்ட உங்களுக்கும் அது நியாயமில்லை. இன்னும் சிலர், ‘எங்கள் தவறை மன்னித்து ஏற்றுக்கொண்ட அப்பாவுக்கு நன்றி’ என்று எழுதுவார்கள். இது பணிவாகத் தோன்றும். ஆனால் காதலித்தது ஒரு குற்றம், அப்பா ஒரு நீதிபதி, தீர்ப்பு சாதகமாக வந்துவிட்டது என்ற கதை அதற்குள் இருக்கிறது. உங்கள் கணவரும் அதில் குற்றவாளியாகிறார். ‘ஏற்றுக்கொண்டார்கள்’ என்ற சொல்லையும் நான் பெரும்பாலும் தவிர்க்கிறேன். ஒருவர் கதவுக்கு உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நிற்கும் சொல் அது. மருமகனைப் பற்றி அதை எழுதினால், எத்தனை ஆண்டு ஆனாலும் அவர் உள்ளே விடப்பட்டவராகவே தெரிவார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அப்பா எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் கேட்டால், அவர் மறுக்கவும் முடியாது, யோசிக்க நேரமும் கிடையாது. கீழே இதயம் போட்டே ஆக வேண்டிய நிலை அவருக்கு வந்துவிடும்.

நடந்ததை மறைக்காமலும் யாரையும் நிறுத்தி வைக்காமலும் சொல்ல நம் மொழியில் ஒரு வழி இருக்கிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். ‘அப்பா பேச்சை நிறுத்தினார்’ என்பதும் ‘பேச்சு நின்றிருந்தது’ என்பதும் ஒரே நிகழ்ச்சியைத்தான் சொல்கின்றன. முதலாவதில் நிறுத்தியவர் நடுவில் நிற்கிறார். இரண்டாவதில் நின்றுபோன பேச்சுதான் நிற்கிறது. ‘எங்களைப் பிரித்தார்கள்’ என்பதற்கும் ‘பிரிந்திருந்தோம்’ என்பதற்கும் அதே தூரம். இரண்டாவது வடிவத்துக்கு வந்தவுடன் இன்னொன்றும் நடக்கிறது. அந்தக் காலத்தின் பாரம் எல்லோர் தோளுக்கும் பங்காகிறது. அப்பா உங்களிடம் பேசாத இரண்டு ஆண்டுகள் நீங்கள் மட்டும் பேச்சில்லாமல் இருக்கவில்லை. அவரும்தான் மகளோடு பேச்சில்லாமல் இருந்தார். நீங்கள் அழுததை அம்மா பார்த்தார். அவர் அழுததை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ‘எத்தனை கண்ணீர்’ என்று எழுதும்போது அந்தக் கண்ணீர் முழுவதும் உங்களுடையது போல ஆகிவிட்டது.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்த்தே சொல்கிறேன். அடி, அறைக்குள் பூட்டி வைத்தல், உயிருக்கு மிரட்டல் என்று நடந்த வீடுகளில் ‘பேச்சு நின்றிருந்தது’ என்று எழுதச் சொல்ல மாட்டேன். அங்கே செய்தவரை வாக்கியத்திலிருந்து அகற்றுவது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் அநியாயம். அப்படிப்பட்டவர்கள் சமாதானக் கேப்ஷன் எழுதக் கடமைப்பட்டவர்களும் இல்லை. உங்கள் கடிதத்தில் இருப்பது மௌனமும் மனத்தாங்கலும் மட்டும்தான் என்பதால் இந்த வழி உங்களுக்குப் பொருந்துகிறது.

அடுத்தது ‘எங்கள்’. ‘எங்கள் காதல்’ சரிதான், காதல் உங்கள் இருவருடையதுதான். ஆனால் திருமணத்துக்கும் அதே ‘எங்கள்’ வந்துவிட்டால் பெற்றோர் விருந்தாளிகளாகிவிடுவார்கள். கேட்பவரை வெளியே வைத்துப் பேச ‘எங்கள்’, உள்ளே சேர்த்துப் பேச ‘நம்’ என்று இரண்டு தனிச் சொற்கள் நமக்கு இருக்கின்றன. இந்த வேறுபாடு இல்லாத மொழிகளில் எழுதுகிறவர்கள் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதை, நீங்கள் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிடலாம். ஆனால் ‘நம்’ வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. யாரிடம் சொல்கிறீர்கள் என்பது தெரிய வேண்டும். பொதுவாக ‘நம் திருமணம்’ என்று எழுதினால், கணவரிடம் மட்டும் பேசுவது போலவும் படிக்கலாம். ‘அப்பா, அம்மா, அத்தை, மாமா’ என்று விளித்துவிட்டு ‘நம்’ என்று எழுதுங்கள். அப்போது அந்தச் சொல் நால்வரையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இனி படம். உங்களிடம் இருப்பது அருமையான படம். அதற்கு ஐந்து ஆண்டு வரலாறு தேவையில்லை. படத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது: அப்பா என்ன சொன்னார்? அதிலிருந்தே தொடங்கலாம். ‘அன்பு’, ‘பாசம்’, ‘உறவு’ போன்ற பெரிய சொற்களை வைத்துத் தொடங்கினால் அது யாருடைய திருமணத்துக்கும் ஒட்டும். அப்பா ஏதோ சொன்னதும் மருமகன் சிரித்ததும் உங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்தது. ஒருகாலத்தில் ஒருவர் பெயரை இன்னொருவர் உச்சரிக்காமல் இருந்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு காட்சியே எல்லாவற்றையும் சொல்லிவிடும். தெரியாதவர்களுக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை. வீட்டுக்குள் பத்துப் பேருக்கு மட்டும் தெரிந்த மனத்தாங்கலை, கூட வேலை செய்கிறவர்கள், பழைய பள்ளித் தோழிகள் என்று நூற்றுக்கணக்கானவர்களுக்கு முதன்முதலாக அறிவிப்பது உங்கள் கேப்ஷனாக இருக்க வேண்டாம்.

நான் எழுதிப் பார்த்தது இது:

“அப்பா இவரிடம் என்ன சொன்னார் என்று இருவரும் எனக்கு இதுவரை சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நடுவில் பேச்சு நின்றிருந்த ஒரு காலம் உண்டு. அது யாருக்குமே எளிதாக இல்லை.

அப்பா, அம்மா, அத்தை, மாமா, இது நம் வீட்டுக் கல்யாணம்.”

முதல் இரண்டு வாக்கியங்களும் 91 குறிகளுக்குள் அடங்குகின்றன. ஆகவே மடிப்புக்கு மேலே முதலில் தெரிவது அப்பாவும் மருமகனும்தான். நின்ற பேச்சு நடுவில் வருகிறது. யார் நிறுத்தினார்கள் என்று இல்லை, எத்தனை ஆண்டு என்றும் இல்லை. ஆண்டுக்கணக்கை வேண்டுமென்றேதான் எடுத்தேன். எண் வந்தால் அது கணக்குக் கேட்பது போல ஆகிவிடும். ‘யாருக்குமே’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அப்பாவின் பக்கத்து வேதனைக்கு அந்த ஒரு சொல்தான் இடம் கொடுக்கிறது. உண்மையில் அப்பா என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும் என்றால் முதல் வாக்கியத்தை அப்படியே வைக்காதீர்கள். தெரிந்ததை எழுதுங்கள், ஆனால் எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு. இந்த வாசகத்தை உங்கள் வாய்ப்பேச்சுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். வீட்டில் ‘கல்யாணம்’ என்று சொல்பவர்கள் கேப்ஷனில் மட்டும் ‘திருமண வைபவம்’ என்று எழுதினால், அப்பாவுக்கு மகளின் குரல் கேட்காது.

இந்த வரிகள் உங்கள் கணவருக்குச் சப்பென்று தோன்றலாம். அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லப்பட்டவர் அவர். ஐந்து ஆண்டு காத்திருந்தார். ‘வென்றது’ என்ற சொல் அவருக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்று உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும், தான் பட்டது யாருக்காவது தெரிய வேண்டும் என்பதுதான் அதற்குள் இருக்கும். அது தெரிய வேண்டியது ஊருக்கு அல்ல, உங்களுக்கு. அவர் காத்திருந்ததைப் பற்றி அவருக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அதில் போராட்டம், கண்ணீர் எல்லாம் வரட்டும். அங்கே அவை சரியான சொற்கள்தான். படத்திலேயே பாருங்கள், அப்பாவோடு சேர்ந்து அவரும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குக் கீழே ‘வென்றோம்’ என்று எழுதுவதைவிட அதைச் சிரிப்பாகவே விட்டுவிடுவது அவருக்கும் பெருமை என்று அவருக்கே தோன்றக்கூடும்.

போடுவதற்கு முன் அப்பாவுக்குக் காட்ட வேண்டும். போட்ட பிறகு திருத்தலாம்தான், இன்ஸ்டாகிராமில் அந்த வசதி உண்டு. ஆனால் யாராவது திரையைப் படமெடுத்து வைத்திருந்தால் திருத்தம் அங்கே போய்ச் சேராது. காட்டும் முறையில் ஒரு யோசனை. நம் அகப்பொருள் மரபில் ‘அறத்தொடு நிற்றல்’ என்று ஒரு துறை உண்டு. தலைவியின் காதல் வீட்டுக்கு எப்படித் தெரிய வருகிறது என்பதுதான் அது. தலைவி தோழியிடம், தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம் என்று சொல் கைமாறிப் போகும். தந்தைக்கும் அண்ணன்மாருக்கும் வரும்போது நேரடிப் பேச்சு இல்லை. குறிப்பால்தான் அவர்கள் உணர்வார்கள். அந்தக் காலத்துச் சமூகம் வேறு, அதை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. ஆனால் சில அப்பாக்களிடம் நெஞ்சைத் தொடும் விஷயத்தை நேருக்கு நேர் நீட்டினால் அவர்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகும் என்பதை அந்த மரபு அறிந்திருந்தது.

ஆகவே முதலில் அம்மாவிடம் கொடுங்கள். முந்தையதைப் படித்து எழுந்து போனவரும் அவர்தான். புதியதை அவர் படிக்கும்போது ‘எப்படி இருக்கு?’ என்று அவசரப்படுத்த வேண்டாம். ஏதாவது ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னால் மகிழுங்கள். திருத்துகிறவர் அந்த வாசகத்தை ஏற்கெனவே தன்னுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டார். ‘உங்க இஷ்டம், போட்டுக்கோ’ என்று முகம் பார்க்காமல் சொன்னால் அது சம்மதம் இல்லை. அப்போது இரண்டாவது பத்தியை எடுத்துவிட்டு மறுபடி காட்டுங்கள். பேச்சு நின்ற காலத்தைப் பொதுவில் குறிப்பிடவே வேண்டாம் என்று பெற்றோர் நினைத்தால் அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் மட்டுமே தனியாக நிற்கும். அப்பாவிடம் அம்மாவே எடுத்துப் போகட்டும்.

மாமியார் வீட்டிலும் இதே வரிகளைக் காட்டிவிடுங்கள். அங்கும் ஆரம்பத்தில் சம்மதம் இல்லை என்கிறீர்கள். ‘அத்தை, மாமா’ என்ற விளி அவர்களுக்கு எவ்வளவு இனிக்கும் என்பது, அவர்களுடைய மனத்தாங்கல் முழுதாகத் தீர்ந்ததா என்பதைப் பொறுத்தது. இன்னும் யாராவது ஒருவர் விலகியே இருந்தால் ‘எல்லோரும்’ என்ற சொல்லை எங்கும் பயன்படுத்தாதீர்கள். வராதவருக்கு அது ‘நீ இந்த எல்லோரில் இல்லை’ என்று கேட்கும்.

கடைசியாக, கீழே வரப்போகும் கருத்துகள். கேப்ஷனில் நீங்கள் எடுத்துவிட்ட எல்லாவற்றையும் நண்பர்கள் அன்போடு கொண்டுவந்து திரும்ப வைப்பார்கள். ‘ஜெயிச்சுட்டீங்க!’, ‘விடாம போராடி சாதிச்ச ஜோடி’ என்று வரும். அப்பா கேப்ஷனை ஒருமுறை படிப்பார், கருத்துகளைப் பலமுறை படிப்பார். மிக நெருங்கிய இரண்டு மூன்று பேருக்கு, அப்படி எழுத வாய்ப்புள்ளவர்களுக்கு, முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: ‘நாளைக்குப் படம் போடறேன். அப்பா பார்ப்பார்.’ அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மீறி வரும் கருத்தை அழித்தால் எழுதியவர் புண்படுவார். இதயம் மட்டும் போட்டால் ஆமோதித்தது போலாகும். பதிலாக ஒரே ஒரு வரி எழுதுங்கள்: ‘நன்றிடா. அப்பாதான் அன்னைக்கு எங்களைவிட அதிகமா சிரிச்சாரு.’ அப்பா அன்று உண்மையிலேயே அதிகம் சிரித்திருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள்.